பாதியாகிப்போன பெராக்சைடு

மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்டால், வெளிச்சம் புகாத ஒரு சின்ன பாட்டிலைத் தருவார்கள். காயத்தில் ஊற்றினால் நுரைக்கும் அதே திரவம்தான். சில பாட்டில்களின் லேபிளில் 6 சதவீதம், 20 வால்யூம் என்று போட்டிருக்கும். 3 சதவீதம், 10 வால்யூம் என்று போட்ட பாட்டிலும் உண்டு. வால்யூம் என்பது ஒரு பழைய, ஆனால் தெளிவான அளவு. 20 வால்யூம் கரைசலில் 1 மில்லிலிட்டரை எடுத்து முழுவதுமாகச் சிதைத்தால், 0 டிகிரி செல்சியசில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வாயு வரும் என்று பொருள்.

வேதியியல் ஆய்வகத்தில் 6 சதவீத பாட்டிலைச் சோதிக்கும் மாணவருக்கு 3 சதவீதம் என்று விடை வருவதுண்டு. பியூரெட்டைச் சரியாகப் படித்திருப்பார், பிப்பெட்டில் குமிழி இருந்திருக்காது, பெருக்கல் வகுத்தலிலும் தப்பிருக்காது. ஆனாலும் விடை சரியாகப் பாதியாகிவிடும். காரணம், தாளில் ஆக்சிஜனுக்குக் கீழே அவர் பழக்கத்தில் எழுதிய −2 என்ற எண். இந்தப் பிழையை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. விடை 300 சதவீதம் என்று வந்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். 3 சதவீதம் என்பதோ கடையில் உண்மையிலேயே கிடைக்கும் அளவு. தவறான விடை, நம்பத்தகுந்த விடையாக வந்து நிற்கிறது.

அந்த −2 எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஆக்சிஜனேற்ற எண் என்பது எலக்ட்ரான்களுக்கான கணக்கு. இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பகிர்ந்துகொண்டிருக்கும்போது, அந்த இணையைத் தன் பக்கம் அதிகமாக இழுக்கும் அணுவின் பேரிலேயே முழு இணையையும் எழுதிவிடுகிறோம். இழுக்கும் திறனை எலக்ட்ரான் கவர்தன்மை என்கிறோம். பாலிங் அளவுகோலில் ஆக்சிஜனுக்கு 3.44, ஹைட்ரஜனுக்கு 2.20. தண்ணீரில் நடுவில் ஓர் ஆக்சிஜன், இருபுறமும் ஹைட்ரஜன். இரண்டு பிணைப்புகளிலும் ஆக்சிஜனுக்கே வெற்றி. ஆகவே அதன் பேரில் இரண்டு எலக்ட்ரான்கள் கூடுதலாக ஏறுகின்றன, ஆக்சிஜன் −2. ஹைட்ரஜன்கள் ஆளுக்கொன்றை விட்டுக்கொடுத்ததால் ஒவ்வொன்றும் +1.

பாடப்புத்தகத்தில் இது இரண்டு விதிகளாகச் சுருங்கிவிடுகிறது: ஆக்சிஜனுக்கு −2, ஹைட்ரஜனுக்கு +1. பெரும்பாலான சேர்மங்களில் ஆக்சிஜன் தன்னைவிட வலுக்குறைந்த அணுவோடுதான் இணைந்திருக்கிறது. ஹைட்ரஜன் தன்னைவிட வலுவான அணுவோடுதான் இணைந்திருக்கிறது. அதனால் விதிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. எண்ணம் போய் எண் மட்டும் மனதில் நிற்கும்போதுதான் சிக்கல். அந்த −2 ஆக்சிஜனோடு ஒட்டிப்பிறந்த குணம் கிடையாது. எதிரே யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வந்த எண்.

ஹைட்ரஜன் பெராக்சைடில் எதிரே இருப்பது இன்னோர் ஆக்சிஜன். மூலக்கூறு இப்படி அமைந்திருக்கிறது:

H–O–O–H

ஓர் ஆக்சிஜனை மட்டும் பாருங்கள். ஒரு பக்கம் ஹைட்ரஜன். அந்தப் பிணைப்பின் இணை ஆக்சிஜனுக்கே போகிறது, ஓர் எலக்ட்ரான் லாபம். மறுபக்கம் இன்னோர் ஆக்சிஜன். இருவரும் சம பலம். இணையை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆக மொத்தம் −1. விதி இங்கே உடைவதாகச் சொல்கிறோம். உண்மையில் விதிக்குப் பின்னால் இருந்த காரணம் அப்படியே இருக்கிறது. அந்தக் காரணமே இங்கு −1 என்று சொல்கிறது.

இனி ஆய்வக மேசைக்கு வருவோம். 6 சதவீத பாட்டிலிலிருந்து 10 மில்லிலிட்டரை எடுத்து, 250 மில்லிலிட்டர் அளவுக்குடுவையில் ஊற்றி, குறிவரை தண்ணீர் சேர்க்கிறோம். நேரடியாகச் சோதித்தால் பியூரெட் போதாது, அதனால்தான் இந்த நீர்த்தல். அதிலிருந்து 25 மில்லிலிட்டரைப் பிப்பெட்டில் எடுத்துக் கூம்புக்குடுவையில் விட்டு, தாராளமாக நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கிறோம். பியூரெட்டில் 0.02 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட், அடர் ஊதா நிறத்தில். ஆக்சாலிக் அமிலத்தோடு இதே தரம்பார்த்தலைச் செய்யும்போது குடுவையைச் சூடாக்குவோம். இங்கே சூடாக்கக் கூடாது. பெராக்சைடு தானே சிதைந்து போய்விடும்.

முதல் சில துளிகளின் நிறம் மறையச் சற்று நேரமெடுக்கும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே பிறகு வினையூக்கியாகிவிடுவதால், போகப்போக ஒவ்வொரு துளியும் விழுந்த வேகத்திலேயே வெளுக்கும். கரைசலில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும். அது ஆக்சிஜன். கடைசியில் ஒரு துளியின் இளஞ்சிவப்பு அரை நிமிடம் மறையாமல் நின்றால் அதுவே முடிவு. நடுவில் கரைசல் பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை என்று அர்த்தம். அந்தப் பழுப்பு மாங்கனீசு டை ஆக்சைடு. அது பெராக்சைடைச் சிதைக்கும் வினையூக்கியும்கூட. அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

முடிவுப் புள்ளி 35.3 மில்லிலிட்டரில் வந்ததாக வைத்துக்கொள்வோம். 35.3 ஐ 0.02 ஆல் பெருக்கினால் 0.706 மில்லிமோல் பெர்மாங்கனேட். இதுவரை யார் செய்தாலும் ஒரே கணக்கு. அடுத்த கேள்வியில்தான் பாதை பிரிகிறது: இந்த 0.706 மில்லிமோல் எத்தனை மில்லிமோல் பெராக்சைடைத் தின்றது?

பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7, முடிவில் +2. ஓர் அணுவுக்கு 5 எலக்ட்ரான்களை வாங்குகிறது. கொடுப்பது பெராக்சைடின் ஆக்சிஜன். அது கடைசியில் ஆக்சிஜன் வாயுவாகப் போகிறது. தனிமம் என்பதால் அங்கே எண் 0. சரியான கணக்கில், −1 இலிருந்து 0. ஓர் அணுவுக்கு 1, ஒரு மூலக்கூறுக்கு 2 எலக்ட்ரான். ஐந்தும் இரண்டும் சமமாக வேண்டுமானால் 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 பெராக்சைடு. சமன்பாடு இது:

2KMnO4 + 5H2O2 + 3H2SO4 → K2SO4 + 2MnSO4 + 8H2O + 5O2

0.706 ஐ 5 ஆல் பெருக்கி 2 ஆல் வகுத்தால் 1.765 மில்லிமோல். அது 25 மில்லிலிட்டரில் இருந்தது. 250 மில்லிலிட்டரில் 17.65 மில்லிமோல். அவ்வளவும் பாட்டிலிலிருந்து எடுத்த 10 மில்லிலிட்டரிலிருந்து வந்தது. ஆக பாட்டில் 1.765 மோலார். மூலக்கூறு நிறை 34 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 60 கிராம். 6 சதவீதம். லேபிள் சொன்னது சரி.

பழக்கத்தில் −2 என்று எழுதியவருக்கு, ஆக்சிஜன் −2 இலிருந்து 0 க்குப் போகிறது. ஓர் அணுவுக்கு 2, மூலக்கூறுக்கு 4 எலக்ட்ரான். விகிதம் 2க்கு 5 என்பது 4க்கு 5 ஆகிவிடுகிறது. அவருடைய கணக்கில் 0.706 மில்லிமோல் பெர்மாங்கனேட்டுக்கு 0.8825 மில்லிமோல் பெராக்சைடு போதும். கடைசி வரியில் 3 சதவீதம் வந்து நிற்கும்.

“சார், லேபிள்ல 6ன்னு போட்டிருக்கு, எனக்கு 3தான் வருது. பாட்டில் பழசாயிடுச்சா?”

இந்தக் கேள்வியில் தப்பே இல்லை. பெராக்சைடு வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மெல்லமெல்லச் சிதைந்து தண்ணீரும் ஆக்சிஜனுமாகிவிடும் பொருள்தான். மூடி சரியாக இல்லாத பழைய பாட்டிலில் பாதி போயிருப்பதும் நடக்கக்கூடியதே. அதனால் மாணவரின் சந்தேகம் பாட்டில் மேல் போகிறது, தாள் மேல் போவதில்லை.

“இரு, பாட்டிலை அப்புறம் பார்க்கலாம். உன் சமன்பாட்டைக் காட்டு. எத்தனை பெராக்சைடு, எத்தனை ஆக்சிஜன்?”

ஆசிரியர் இந்த இடத்தில்தான் கைவைக்க வேண்டும். எதற்காக என்று சொல்கிறேன். சமன்பாடு சமமாகிறதா என்று பார்த்தால் பிழை தெரிந்துவிடும் என்று பலரும் நம்புகிறோம். இந்த வினையில் தெரியாது. 4க்கு 5 என்ற தவறான விகிதத்தோடு தொடங்கிய மாணவர், மாங்கனீசைச் சரிசெய்து, கந்தகத்தைச் சரிசெய்து, ஹைட்ரஜனைத் தண்ணீரில் சரிசெய்து, கடைசியில் மிஞ்சும் ஆக்சிஜனையெல்லாம் வாயுவின் கணக்கில் தள்ளிவிட்டால் இப்படி ஒன்று கிடைக்கும்:

8KMnO4 + 10H2O2 + 12H2SO4 → 4K2SO4 + 8MnSO4 + 22H2O + 15O2

ஒவ்வொரு தனிமமாக எண்ணிப் பாருங்கள். ஹைட்ரஜன் இடப்பக்கம் 44, வலப்பக்கம் 44. சல்பேட்டை விட்டுவிட்டு ஆக்சிஜனை எண்ணினால் இருபுறமும் 52. பொட்டாசியம், மாங்கனீசு, கந்தகம் எல்லாம் சரி. அணுக்கள் அளவில் இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இது நடக்கும் வினை இல்லை.

எப்படி இரண்டு சமன்பாடுகளும் சமமாகின்றன? பெராக்சைடு தானாகவே சிதையக்கூடியது. 2H2O2 → 2H2O + O2 என்பது தன்னளவில் சமமான சமன்பாடு. சரியான சமன்பாட்டோடு இதை எத்தனை முறை கூட்டினாலும், எத்தனை முறை கழித்தாலும், புதிதாக வருவதும் சமமாகவே இருக்கும். ஆக, ஒரே வினைபொருள்களையும் விளைபொருள்களையும் வைத்து எண்ணற்ற ‘சமன்’பாடுகள் எழுதலாம். அணுக்களை எண்ணும் முறைக்கு இவற்றில் எது உண்மை என்று சொல்லும் திறன் இல்லை. அதைச் சொல்ல எலக்ட்ரான் கணக்கு வேண்டும். எலக்ட்ரான் கணக்குக்கு −1 என்ற எண் வேண்டும். கண்ணால் பார்த்துச் சமன் செய்யும் முறை இந்த வினையில் மட்டும் ஏன் காலை வாருகிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

தவறான சமன்பாட்டை இன்னும் ஒருமுறை பாருங்கள். 10 பெராக்சைடிலிருந்து 15 ஆக்சிஜன் மூலக்கூறுகள். பெராக்சைடுகளிடம் இருப்பது 20 ஆக்சிஜன் அணுக்கள். வாயுவில் இருப்பதோ 30. மீதி 10 பெர்மாங்கனேட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். பெர்மாங்கனேட்டின் ஆக்சிஜன் வாயுவாக வெளியேறுகிறது என்று எழுதிவிட்டு, அதன் எண் மாற்றத்தை எங்கும் கணக்கில் சேர்க்கவில்லை. சரியான சமன்பாட்டிலோ 5 பெராக்சைடுக்கு 5 ஆக்சிஜன். ஒரு பெராக்சைடு, ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு. அந்த O–O ஜோடி பிரியாமலேயே இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளையும் விட்டுவிட்டு வாயுவாகிறது. பெராக்சைடு ஆக்சிஜனேற்றம் அடையும் எந்த வினையிலும் மாணவர் செய்யக்கூடிய சோதனை இது: உள்ளே போன பெராக்சைடின் எண்ணிக்கையும் வெளியே வந்த ஆக்சிஜனின் எண்ணிக்கையும் ஒன்றா?

இது வெறும் தாள் தர்க்கம் இல்லை. 1952இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஹென்றி டாப், கேஹில் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, கனமான ஆக்சிஜன்-18 ஐ அடையாளமாக வைத்து ஹைட்ரஜன் பெராக்சைடின் வினைகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். பெர்மாங்கனேட் போன்ற ஆக்சிஜனேற்றிகள் பெராக்சைடைத் தாக்கும்போது வெளிவரும் ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். அது பெராக்சைடிலிருந்துதான் வந்தது. எலக்ட்ரான் பரிமாற்ற வினைகள் குறித்த ஆய்வுகளுக்காக டாப்புக்கு 1983இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வகத்தில் ஐசோடோப்பு இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அதே பாட்டிலிலிருந்து 1 மில்லிலிட்டரை எடுத்து, சிட்டிகை மாங்கனீசு டை ஆக்சைடு போட்டு, வரும் வாயுவைத் தண்ணீரின் மேல் சேகரித்து அளக்கலாம். 20 மில்லிலிட்டருக்குப் பக்கத்தில் வந்தால் பாட்டில் 20 வால்யூம். அறை வெப்பத்தில் வாயு விரிவதாலும் நீராவி கலப்பதாலும் அளவு சற்றுக் கூடும். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் 20க்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தத் திருத்தமும் மறைக்காது. நார்மாலிட்டி முறையில் கணக்குப் போடுகிறவர்களுக்கு இதே பிழை சமான நிறையில் தெரியும்: 34 ஐ 2 ஆல் வகுத்து 17 வர வேண்டிய இடத்தில் 8.5 இருக்கும்.

இந்தப் பிழையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஆக்சிஜனுக்கு −2 போட்டால், மூலக்கூறின் கூட்டல் 0 ஆக வேண்டும் என்பதால் ஹைட்ரஜனுக்கு +2 போட வேண்டும். ஹைட்ரஜனிடம் இருப்பதே ஓர் எலக்ட்ரான்; அது எப்படி இரண்டை இழக்கும்? இந்த வரியை எழுதியிருந்தால் மாணவர் அங்கேயே நின்றிருப்பார். கூட்டிப் பார்க்காமல் ஆக்சிஜனின் மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் பாதிப் பிழை வந்தது. கூட்டலைச் செய்து, அந்த அபத்தமான +2 ஐயும் கணக்கில் வைத்திருந்தால்கூட, ஹைட்ரஜன் +2 இலிருந்து +1 க்கு வருவதில் 2 எலக்ட்ரான் திரும்பி, மூலக்கூறுக்கு நிகரமாக 2 என்ற சரியான எண்ணே கிடைத்திருக்கும். மொத்தக் கணக்கு ஏமாற்றுவதில்லை. ஒரு வரியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டால் ஏமாற்றும்.

இப்போது எதிர்ப்பக்கம் போகலாம். ஒரு மாற்றமும் நடக்காத இடத்தில் மாற்றம் ‘கண்டுபிடிக்கப்படும்’ வினை. அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டு, மேலே ஈதரை ஊற்றிக் குலுக்கினால், ஈதர் அடுக்கு அழகான ஆழ்நீலமாகும். குரோமியத்தைக் கண்டறியும் பழைய சோதனை இது. அந்த நீலப் பொருள் CrO5. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் யாரும் இதைக் கடக்காமல் போக முடியாது: CrO5 இல் குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் என்ன?

ஐந்து ஆக்சிஜனுக்கும் −2 போட்டால் −10, குரோமியம் +10. டைகுரோமேட்டில் அது +6. ஆகவே குரோமியம் நான்கு எலக்ட்ரான்களை இழந்தது, பெராக்சைடு அதை ஆக்சிஜனேற்றம் செய்தது என்று கதை முழுதாகிவிடும். கேட்பதற்குப் பொருத்தமாகவும் இருக்கும். பெராக்சைடு ஆக்சிஜனேற்றி என்று படித்திருக்கிறோமே. ஆனால் குரோமியத்தின் வெளிப்புற எலக்ட்ரான்கள் மொத்தமே ஆறு. இல்லாத நான்கை அது இழக்க முடியாது. உண்மையில் அந்த ஐந்து ஆக்சிஜனில் ஒன்று மட்டும் தனியாக, இரட்டைப் பிணைப்போடு இருக்கிறது. மற்ற நான்கும் இரண்டு பெராக்சைடு ஜோடிகள். பயிற்சி வகுப்புகளில் பட்டாம்பூச்சி அமைப்பு என்று வரைந்து காட்டுவார்கள். −2 ஒன்று, −1 நான்கு, மொத்தம் −6. குரோமியம் +6, டைகுரோமேட்டில் இருந்தது போலவே.

Cr2O7²⁻ + 4H2O2 + 2H⁺ → 2CrO5 + 5H2O

இந்த வினையில் ஒரு எலக்ட்ரான்கூடக் கைமாறவில்லை. பெராக்சைடு ஜோடிகள் உடையாமல் அப்படியே குரோமியத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டன. நிறம் ஆரஞ்சிலிருந்து நீலமாக மாறியதால் எண்ணும் மாறியிருக்கும் என்று நினைப்பது இயல்புதான். உண்மையான மாற்றம் பிறகு நடக்கிறது. நீலம் தண்ணீரில் நிலைக்காமல் சிறிது நேரத்தில் பச்சையாகும், குமிழிகள் வரும். அப்போதுதான் குரோமியம் +3 க்கு இறங்குகிறது, பெராக்சைடு ஆக்சிஜன் 0 க்கு ஏறுகிறது. அதாவது குரோமியம் ஆக்சிஜனேற்றம் அடையவே இல்லை. கடைசியில் அது ஒடுக்கமே அடைகிறது.

உலோகத்தின் எண் அதன் வெளிப்புற எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைத் தாண்டினால் எங்கோ O–O பிணைப்பு ஒளிந்திருக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். BaO2 இல் பேரியத்துக்கு +4 வந்தால் சந்தேகப்பட வேண்டும்; அதனிடம் கொடுக்க இரண்டுதான் உண்டு. PbO2 இல் ஈயத்துக்கு +4 வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். அதனிடம் நான்கு உண்டு. வாய்பாடுகள் ஒரே மாதிரி இருந்தாலும் பேரியம் சேர்மம் பெராக்சைடு, ஈயத்தின் சேர்மம் சாதாரண டை ஆக்சைடு. குடுவையிலும் இதைப் பார்க்கலாம்: பேரியம் பெராக்சைடை நீர்த்த அமிலத்தில் போட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். 1818இல் பிரான்சில் தெனார் ஹைட்ரஜன் பெராக்சைடை முதன்முதலில் கண்டறிந்தது இந்த வழியில்தான்.

ஹைட்ரைடுகளில் வரும் பிழை வேறு வகை. அங்கே எல்லாம் கச்சிதமாகக் கூடிவரும், குற்றவாளி மட்டும் மாறிப்போவார். கால்சியம் ஹைட்ரைடு சாம்பல் நிறத் தூள். தண்ணீர் பட்டவுடன் சீறிக்கொண்டு ஹைட்ரஜனை வெளிவிடும். வானிலை பலூன்களில் ஹைட்ரஜன் நிரப்ப இதை எடுத்துச் சென்றதுண்டு. கரைப்பான்களில் மிஞ்சிய ஈரத்தை நீக்க இன்றும் ஆய்வகங்களில் பயன்படுகிறது.

CaH2 + 2H2O → Ca(OH)2 + 2H2

சமன்பாட்டைத் தந்து, எது ஆக்சிஜனேற்றம் அடைந்தது, எத்தனை எலக்ட்ரான்கள் மாறின என்று கேட்டால், ஹைட்ரஜனுக்கு +1 என்ற பழக்கத்தில் தொடங்குபவருக்கு CaH2 இல் கால்சியம் −2 ஆகிறது. வலப்பக்கம் அது +2. ஆக, கால்சியம் நான்கு எலக்ட்ரான்களை இழந்தது. ஹைட்ரைடில் இரண்டு, தண்ணீரில் இரண்டு என நான்கு ஹைட்ரஜன்கள் +1 இலிருந்து 0 க்கு வந்தன. நான்கு எலக்ட்ரான்களை வாங்கின. கொடுத்தது நான்கு, வாங்கியது நான்கு. கூட்டலும் சரி, சமன்பாடும் சரி. ஆனால் விடை தவறு.

கால்சியத்தின் எலக்ட்ரான் கவர்தன்மை 1.00, ஹைட்ரஜனுக்கு 2.20. ஆக்சிஜனிடம் தோற்ற ஹைட்ரஜன் இங்கே வெல்கிறது. கால்சியம் +2, ஹைட்ரஜன்கள் ஒவ்வொன்றும் −1. வினை முடிந்தபின்னும் கால்சியம் +2 தான். அதற்கு எதுவுமே ஆகவில்லை. ஹைட்ரைடின் இரண்டு ஹைட்ரஜன்கள் −1 இலிருந்து 0 க்கு ஏறின. அவையே ஆக்சிஜனேற்றம் அடைந்தவை. தண்ணீரிலிருந்து இரண்டு ஹைட்ரஜன்கள் +1 இலிருந்து 0 க்கு இறங்கின. மாறிய எலக்ட்ரான்கள் இரண்டே. ஒரே தனிமம், ஒரு பக்கத்திலிருந்து ஏறியும் மறுபக்கத்திலிருந்து இறங்கியும் நடுவில் சந்தித்து வாயுவாகிறது.

கால்சியம் உலோகத்தை ஒப்பிட்டால் இது தெளிவாகும். 40 கிராம் கால்சியம் தண்ணீரோடு வினைபுரிந்தால் 22.4 லிட்டர் ஹைட்ரஜன். 42 கிராம் ஹைட்ரைடு தந்தால் 44.8 லிட்டர். உலோகத்தோடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் முழுவதும் தண்ணீரிலிருந்து வருகிறது. ஹைட்ரைடிலோ பாதி தண்ணீரிலிருந்தும் பாதி ஹைட்ரைடிலிருந்தும் வருகிறது.

உலோகத்துக்கு எதிர்க்குறி எண் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஹைட்ரஜன் எதிர்மின் சுமையோடு இருக்க முடியுமா என்ற கேள்விக்கு 1920இல் ஜெர்மனியில் கர்ட் மோர்ஸ் பரிசோதனையாகவே விடை சொன்னார். உருகிய லித்தியம் ஹைட்ரைடில் மின்சாரம் செலுத்தியபோது ஹைட்ரஜன் நேர்மின்முனையில் வந்தது. தண்ணீரை மின்னாற்பகுக்கும்போது அது எதிர்மின்முனையில் வருவதைப் பள்ளியிலேயே பார்த்திருக்கிறோம்.

ஹைட்ரைடுக்கு ஐசோடோப்புச் சான்றும் இருக்கிறது. லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடில் நான்கு ஹைட்ரஜன்களும் −1. லித்தியம் +1, அலுமினியம் +3. பழக்கத்தில் +1 போட்டால் அலுமினியத்துக்கு −5 என்ற எண் வரும். இந்த ஹைட்ரைடைச் சாதாரணத் தண்ணீருக்குப் பதிலாகக் கனநீரில், அதாவது ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள தண்ணீரில் விட்டால், முக்கியமாக வரும் வாயு HD. ஹைட்ரைடிலிருந்து ஒன்று, கனநீரிலிருந்து ஒன்று. உலோகம் எலக்ட்ரான்களைக் கொடுத்து எல்லா ஹைட்ரஜன்களும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால், H2, HD, D2 மூன்றும் கலந்து வந்திருக்கும். ஆய்வகங்களில் HD வாயு தேவைப்படும்போது அதைத் தயாரிக்க இந்த வினையையே பயன்படுத்துகிறார்கள்.

ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் எண் போடும் வரிசையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஃபுளூரினுக்கு எப்போதும் −1. அடுத்து முதல் தொகுதி உலோகங்களுக்கு +1, இரண்டாம் தொகுதிக்கு +2. அதன் பிறகு ஹைட்ரஜனுக்கு +1. கடைசியில்தான் ஆக்சிஜனுக்கு −2. முன்னால் உள்ள விதியோடு பின்னால் உள்ளது மோதினால் முன்னால் உள்ளதே நிற்கும். H2O2 இல் ஹைட்ரஜன் முதலில் +1 வாங்கிக்கொள்வதால் ஆக்சிஜன் தானாக −1 ஆகிறது. CaH2 இல் கால்சியம் முதலில் +2 வாங்கிக்கொள்வதால் ஹைட்ரஜன் தானாக −1 ஆகிறது. BaO2 வுக்கும் இதுவே போதும். CrO5 க்கு மட்டும் இந்த வரிசை உதவாது. குரோமியம் எந்தத் தொகுதி விதியிலும் அடங்காததால், அங்கே அமைப்பை வரைந்து O–O பிணைப்புகளை எண்ணித்தான் ஆக வேண்டும்.